இரண்டு துறைக்கு நடுவில் சிக்கிய சாக்கடை: மாவட்ட ஆட்சியருக்குச் சங்க மனு எழுதும் முறை

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் கையில் ஒரு மனு இருப்பது சில நொடிகள்தான். பார்த்ததும் அது எந்தத் துறைக்கு என்று குறித்து அனுப்பிவிடுவார். அங்கிருந்து மனு படிப்படியாகக் கீழே இறங்கி, பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கேட்டுச் சலித்த அதே அலுவலகத்துக்கே வந்து சேரும். "நிதி நிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரி பதில் எழுதி அங்கே முடித்துவைப்பார்கள். அப்படி ஒரே வரியில் முடிக்க இடம் கொடுக்காத மனுவை எழுதுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. எனவே ஓர் எடுத்துக்காட்டை எடுத்து முழுதாக எழுதிப் பார்ப்போம். திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. அதில் 62 குடும்பங்கள் உள்ள ஒரு மனைப்பிரிவு. மூன்றாவது வீதியில் ஊராட்சி 140 மீட்டர் சாக்கடை கட்டியிருக்கிறது. மெயின்ரோட்டைத் தொட இன்னும் 40 மீட்டர் இருக்கும்போது வேலை நின்றுவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடைப் பள்ளம். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. "ரோட்டுக்குக் குறுக்கே பாலம் போட்டால்தான் மீதியைக் கட்ட முடியும்" என்கிறது ஊராட்சி. "ஊராட்சியிலிருந்து எங்களுக்குக் கடிதமே வரவில்லை" என்கிறது நெடுஞ்சாலை. தண்ணீர் தாழ்வான கோடியில் ஒன்பது வீடுகளுக்கு முன்னால் தேங்கி நிற்கிறது.

முதலில்: இது ஆட்சியரிடம் போக வேண்டிய விஷயமா?

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்பதற்கெல்லாம் ஊராட்சி செயலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் போதும். இரண்டு துறை ஒன்றையொன்று கைகாட்டும் விஷயம்தான் ஆட்சியரிடம் போக வேண்டியது. வட்டார வளர்ச்சி அலுவலரால் நெடுஞ்சாலைப் பொறியாளருக்கு உத்தரவு போட முடியாது. இருவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கச் சொல்ல ஆட்சியரால் முடியும். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவர்தான். ஆகவே நம் மனுவின் உயிர் "சாக்கடை கட்டித் தாருங்கள்" என்பதில் இல்லை. "இரு துறையும் சேர்ந்து வந்து பாருங்கள்" என்பதில் இருக்கிறது.

போவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்த வீதி ஊராட்சியின் பெயரில் இருக்கிறதா? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் வீதிகளை மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அது நடக்காமல் இருந்தால் "தனியார் பாதை, பொதுநிதி செலவழிக்க முடியாது" என்ற பதில் வரும். மனு அதோடு முடிந்தது. தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டும் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் ஊராட்சி ஏற்கெனவே 140 மீட்டர் கட்டிவிட்டதால் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பத்திர எண்ணை மனுவில் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது உண்மையிலேயே பள்ளம்தானா, யாராவது ஒருவரின் தோட்டமா என்பதையும் பார்த்துவிடுங்கள். eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் 'அ' பதிவேடு வரும். ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் சரி. பட்டா நிலமாக இருந்தால் அந்த வழியை மறந்துவிட வேண்டும்.

அளந்து எழுதுங்கள்

சங்கக் கூட்டத்தில் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "ஏனுங்க, வீட்டுக்கு முன்னாடி கால் வைக்க முடியலைங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுடறாங்க, அதும் மொதல்ல நாத்தமாத்தான் வருது." இதில் கோபத்தைவிடச் செய்தி அதிகம் இருக்கிறது. மனு எழுதுபவரின் வேலை அந்தச் செய்தியை அளவாக மாற்றுவது.

ஒரு 30 மீட்டர் டேப், ஒரு அடிக்கோல், கேமரா உள்ள கைபேசி போதும். கட்டிய சாக்கடை எத்தனை மீட்டர், கட்டாதது எத்தனை, தேங்கிய தண்ணீர் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சொல்ல மின்கம்ப எண்ணைப் போல நல்ல அடையாளம் வேறில்லை. "பெரிய வேப்பமரம் அருகில்" என்றால் புதிதாக வரும் பொறியாளருக்குத் தெரியாது. கம்பத்தில் எழுதிய எண் எல்லோருக்கும் ஒன்றுதான். புகைப்படம் எடுக்கும்போது கம்பமோ வீட்டுக் கதவு எண்ணோ படத்துக்குள் வரட்டும். அடிக்கோலைத் தண்ணீரில் நிறுத்தி ஒரு படம் எடுத்தால் ஆழம் அதிலேயே தெரியும்.

குடிநீர் நாற்றம் அடிக்கும் காரணத்தையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். வீதிக்குத் தண்ணீர் திறக்கும் கேட் வால்வு ஒரு சிறு தொட்டிக்குள் இருக்கும். அந்தத் தொட்டி சாக்கடைத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் கவனியுங்கள். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் வெளியே உள்ளது உள்ளே போகாது. அடைத்த பிறகு அழுத்தம் இறங்கிவிடும். அப்போது வால்வின் கசிவு வழியாகவும் இணைப்பு வழியாகவும் அழுக்கு உள்ளே இறங்கி, அடுத்த முறை திறக்கும்போது முதல் ஐந்து பத்து நிமிடத்துக்கு வீட்டுக் குழாயில் வந்து கொட்டும். முதலில் நாற்றம், பிறகு தெளிவு என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். இது மனுவில் தெளிவாக வந்தால் விஷயம் "சாக்கடை வசதி" என்ற நிலையிலிருந்து "குடிநீர் மாசு" என்ற நிலைக்கு நகரும். அலுவலகத்தில் இரண்டுக்கும் அவசரம் ஒன்றல்ல.

ஒரு மனுவில் ஒரு விஷயம்

மனுவைப் பதிவு செய்யும் கணினி மேசையில் அது ஏதேனும் ஒரு துறைக்கு ஒதுக்கப்பட்டு ஓர் எண் பெறும். சாக்கடை, தெருநாய், பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை என்று ஐந்தையும் ஒரே மனுவில் போட்டால் ஏதோ ஒன்றுக்குப் பதில் எழுதி மனுவையே முடித்துவிடுவார்கள். மற்ற நான்கும் காணாமல் போகும். ஐந்து குறை இருந்தால் ஐந்து மனு. நம் எடுத்துக்காட்டில் சாக்கடை, பாலம், வால்வு தொட்டி மூன்றும் ஒரே இடத்தின் ஒரே சிக்கல் என்பதால் சேர்ந்து வரலாம்.

கோரிக்கை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. "கழிவுநீரைப் பள்ளத்தில் விட்டுவிடுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். ஓடையில் கழிவுநீரை நேரடியாக விடக் கூடாது என்று சொல்லித் துறையே மறுக்கலாம். பள்ளத்துக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவர்கள் அடுத்த திங்கட்கிழமை எதிர்மனுவோடு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். வடிகட்டும் தொட்டியும் உறிஞ்சுகுழியும் கோரிக்கையிலேயே இடம்பெற வேண்டும். முடிந்தால் அந்தத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களில் ஒருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்த ஒரு கையெழுத்து சங்கத்தாரின் பத்துக் கையெழுத்துக்குச் சமம்.

மனு

ஏ4 தாளில் ஒன்றரைப் பக்கம் போதும். இடது ஓரத்தில் நான்கு விரல் அகலமும் மேலே இரண்டு அங்குலமும் காலியாக விடுங்கள். அலுவலர்கள் குறிப்பெழுதுவதும் முத்திரை வைப்பதும் அங்கேதான். இடமில்லாவிட்டால் உங்கள் வரிகள் மேலேயே முத்திரை விழும்.

> அனுப்புநர்:
> தலைவர் / செயலாளர்,
> ……… நகர் குடியிருப்போர் நலச்சங்கம் (பதிவு எண் ………),
> ……… ஊராட்சி, ……… ஒன்றியம், திருப்பூர் மாவட்டம்.
> தொடர்புக்கு: ………
>
> பெறுநர்:
> உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
> மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.
>
> பொருள்: ……… ஊராட்சி, ……… நகர் மூன்றாவது வீதி – 40 மீட்டர் சாக்கடை முடிக்கப்படாமல் கழிவுநீர் குடிநீர் வால்வில் கலப்பது – ஊரக வளர்ச்சித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் கூட்டாய்வு செய்து பணியை முடிக்கக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: 1. 11.10.2025 கிராமசபையில் கொடுத்த மனு.
> 2. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு 19.11.2025 அன்று கொடுத்த மனு.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> வணக்கம். எங்கள் நகரில் 62 குடும்பங்கள் வசிக்கின்றன. வீதிகள் ……… எண் தானப் பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது வீதியில் ஊராட்சியால் 140 மீட்டர் நீளத்துக்குச் சாக்கடை கட்டப்பட்டது. நெடுஞ்சாலைத் துறையின் சாலை வரை மீதமுள்ள 40 மீட்டர் கட்டப்படவில்லை. சாலையின் குறுக்கே சிறுபாலம் இல்லாததே காரணம் என்று எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.
>
> இதனால் மின்கம்பம் எண் ……… முதல் எண் ……… வரை 22 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் தேங்கியுள்ளது. 28.12.2025 அன்று அளந்தபோது ஆழம் 20 சென்டிமீட்டர் இருந்தது. குடிநீர்க் கேட் வால்வு தொட்டி இதில் மூழ்கியுள்ளது. தண்ணீர் விடும் நாளில் முதல் பத்து நிமிடம் துர்நாற்றத்துடன் வருகிறது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறோம்:
>
> 1. தேங்கிய கழிவுநீரை உறிஞ்சு வாகனம் மூலம் உடனே அகற்றி, குடிநீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.
> 2. வால்வு தொட்டியைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டி, கசியும் வால்வை மாற்ற வேண்டும்.
> 3. வட்டார வளர்ச்சி அலுவலரும் நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளரும் ஒரே நாளில் கூட்டாய்வு செய்ய உத்தரவிட்டு, அந்த நாளைச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
> 4. ஆய்வின்படி சிறுபாலம், மீதி 40 மீட்டர் சாக்கடை, முடிவில் வடிகட்டும் தொட்டியுடன் உறிஞ்சுகுழி ஆகியவற்றுக்கு மதிப்பீடு தயாரித்துப் பணியை நிறைவேற்ற வேண்டும்.
>
> கூட்டாய்வு நடக்கும் நாளில் சங்கத்தின் சார்பில் இருவர் உடனிருந்து இடத்தைக் காட்டுவார்கள். பணி நடக்கும் காலத்தில் வாகனங்களை மாற்று வழியில் விடவும், வீட்டுப் படிகளில் சாக்கடைக் கோட்டுக்குள் வந்துள்ள பகுதியை அகற்றிக்கொள்ளவும் குடியிருப்போர் ஒப்புக்கொண்டுள்ளனர். தங்கள் பணிச்சுமைக்கு இடையிலும் இம்மனுவைக் கனிவுடன் பரிசீலித்து, ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.
>
> நன்றி.
>
> இடம்: ………
> நாள்: 05.01.2026
>
> இப்படிக்கு,
> (தலைவர்) (செயலாளர்) (பொருளாளர்)
> சங்க முத்திரை
>
> இணைப்பு: கையொப்பப் பட்டியல் – 4 தாள், புகைப்படங்கள் – 5, இட வரைபடம் – 1, பார்வையில் கண்ட மனுக்களின் நகல் – 2.
> நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), உதவிக் கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை.

'பொருள்' வரியில் அதிக நேரம் செலவிடுங்கள். பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர் முழு மனுவையும் படிக்க மாட்டார். பின்னால் வரிசை நீண்டிருக்கும். 'பொருள்' வரியைப் பார்த்துத்தான் சுருக்கமும் துறையும் பதிவாகும். "அடிப்படை வசதி கோருதல்" என்று எழுதினால் நம் மனு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

கோரிக்கைகள் உடனே செய்யக்கூடியதில் தொடங்கி, நிதி தேவைப்படுவதில் முடிகின்றன. வரிசை இதுதான் இருக்க வேண்டும். பாலத்தை முதலில் போட்டால் "நிதி இல்லை" என்ற ஒரே பதில் நான்குக்கும் சேர்த்து வரும். வண்டி அனுப்பவும், தண்ணீர் மாதிரி எடுக்கவும், ஆய்வுக்கு நாள் குறிக்கவும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. எனவே அந்த மூன்றையும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆட்சியரின் பெயரைப் பெறுநரில் எழுத வேண்டாம், பதவி போதும். மாற்றலாகி வேறொருவர் வந்தாலும் மனு அந்தப் பதவிக்கு உரியதாகவே இருக்கும். 'மாண்புமிகு' அமைச்சர்களுக்கு, ஆட்சியருக்கு 'உயர்திரு' தான் சரி.

முடிவுரையில் "செய்யாவிட்டால் சாலை மறியல்", "வாக்காளர் அட்டையை ஒப்படைப்போம்" என்று சேர்க்கச் சொல்லி யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். சேர்க்காதீர்கள். அந்த வரி வந்துவிட்டால் மனு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடும். பொறியாளர் வருவதற்குப் பதிலாகக் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள். அதே இடத்தில் "வீட்டுப் படியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற வரி இருந்தால், சாக்கடை கட்டும் வேலைகளில் வழக்கமாக வரும் பெரிய தடையை நாமே நீக்கிக் கொடுத்ததாகும். மரியாதை என்பது இப்படிப்பட்ட வரியில்தான் இருக்கிறது. "தங்கள் பொற்பாதங்களில்" போன்ற சொற்கள் தேவையில்லை.

கையொப்பப் பட்டியல்

ஒவ்வொரு தாளின் தலையிலும் மனுவின் 'பொருள்' வரி, தேதி, "தாள் 1 / 4" என்ற எண் மூன்றும் இருக்க வேண்டும். வெறும் கையெழுத்து மட்டும் உள்ள தாள் மனுவிலிருந்து பிரிந்துவிட்டால் எதற்குப் போட்ட கையெழுத்து என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு எதற்கோ வாங்கியதைச் சேர்த்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கும் இடமாகிவிடும்.

வரிசை எண், பெயர், கதவு எண், கையொப்பம் என்று நான்கு கட்டம் போதும். எல்லோருடைய கைபேசி எண்ணையும் ஆதார் நகலையும் சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்தத் தாள் பல மேசைகளுக்குப் போகும். சங்கத் தலைவர், செயலாளர் எண் மட்டும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு கையெழுத்து, வீட்டுக்கு வீடு போய் வாங்கியது. ஒருவரே குடும்பத்தில் நாலு பேருக்கும் போட்டால் எழுத்தின் சாய்விலேயே தெரிந்துவிடும். அப்படி இரண்டு தெரிந்தாலும் போதும், மீதி அறுபதையும் சந்தேகிப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கலாம். அருகில் அவர் பெயரை எழுதி, எழுதியவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீட்டில் இருப்பவரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார். தாழ்வான கோடியில் உள்ள ஒன்பது வீட்டாரின் கையெழுத்து முதல் தாளிலேயே வரட்டும்.

சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் பதிவு எண்ணைப் போடுங்கள். பதிவாகாவிட்டாலும் மனு செல்லும். பதிவு எண்ணும் முத்திரையும் இல்லாமல் "……… நகர் குடியிருப்போர் சார்பாக" என்று எழுதினால் போதும்.

கொடுக்கும் நாள்

மூன்று படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொடுக்க, ஒன்றில் முத்திரை வாங்க, ஒன்று சங்கக் கோப்புக்கு. நகல்களைத் தனியாக அந்தந்த அலுவலகத்தில் கொடுத்தோ விரைவு அஞ்சலில் அனுப்பியோ விடுங்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸார் பைகளைச் சோதிப்பார்கள், நேரம் பிடிக்கும். உள்ளே மூன்று நான்கு பேர் போனால் போதும், ஒருவர் பேசினால் போதும். "ஐயா, இரு துறைக்கு நடுவில் நிற்கிறது, கூட்டாய்வு ஒன்றுக்கு உத்தரவிட வேண்டும்" என்பதற்கு மேல் பேச நேரம் இருக்காது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் கூட்டம் நடக்காது, பெட்டியில்தான் போட வேண்டியிருக்கும்.

பதிவு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். அந்த எண்ணை வைத்து cmhelpline.tnega.org தளத்திலோ 1100க்கு அழைத்தோ நிலையைக் கேட்கலாம். மனுவுக்கு 3 நாளில் ஒப்புகையும் அதிகபட்சம் ஒரு மாதத்தில் முடிவும் தர வேண்டும், நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது.

ஒரு மாதத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் வந்தால் அதே மனுவைத் திரும்ப எழுதாதீர்கள். இரண்டாவது மனுவின் பார்வையில் முதல் பதிவு எண்ணையும் வந்த பதிலின் எண்ணையும் போட்டு, விடுபட்ட கோரிக்கையை மட்டும் கேளுங்கள். கூடவே வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று: நெடுஞ்சாலைத் துறைக்கு இந்தப் பாலம் பற்றி எழுதிய கடிதத்தின் நகல், மீதி 40 மீட்டருக்கான மதிப்பீட்டின் நகல், கூட்டாய்வுக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். கடிதமே எழுதவில்லை என்றால் அது அந்தப் பதிலில் வெளிப்பட்டுவிடும். அதை இணைத்து ஆட்சியரிடம் மீண்டும் போனால் யாரிடம் நிற்கிறது என்று அவருக்குத் தேட வேண்டியதில்லை.

கூட்டாய்வுக்கு நாள் சொன்னால் டேப்புடன் இருவர் தயாராக இருங்கள். பொறியாளர்கள் பாலத்தின் இடம், சாக்கடையின் வாட்டம், உறிஞ்சுகுழிக்கான இடம் பற்றிச் சொல்வதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே இரு அலுவலகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: யார் யார் வந்தார்கள், என்ன முடிவானது, யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள், வந்து பார்த்ததற்கு நன்றி.